தறிச் சத்தத்தில் ஒரு வகுப்பு

கொரோனா வந்த அந்த வருடத்தில் நான் பீளமேட்டில் ஒரு கல்லூரியில் சமூகப்பணி முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் கடைசியில் பிறந்தவள், கையில் போனோடு வளர்ந்தவள், உலகத்தில் எனக்குத் தெரியாதது கொஞ்சம்தான் என்ற நினைப்பு உள்ளவள். ஆய்வுக்கு நான் எடுத்த தலைப்பு, கிராமத்து மாணவர்களுக்கு ஆன்லைன் வகுப்புக்கான கருவியும் இணையமும் கிடைக்கிறதா என்பது. அந்த நேரத்தில் அதைவிட முக்கியமான தலைப்பு தமிழ்நாட்டிலேயே இல்லை என்று நம்பினேன்.

முதலில் கேள்விகளை ஆன்லைன் படிவமாகத் தயாரித்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி, பதில் வந்து குவியும் என்று காத்திருந்தேன். என் ஆய்வு வழிகாட்டியான மேடம் அதைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, நெட் இல்லாத பிள்ளைங்க நெட்ல வந்து எனக்கு நெட் இல்லீன்னு சொல்லுமா?"

அன்று எனக்கு வந்த வெட்கம் கொஞ்சநஞ்சமல்ல. மறுநாளே கேள்விகளைத் தாளில் அச்சடித்து, முகக்கவசம், சானிடைசர், தண்ணீர் பாட்டிலோடு சோமனூர் பக்கத்துக் கிராமங்களுக்குக் கிளம்பினேன். அந்தப் பக்கத்துக் கலை அறிவியல் கல்லூரி ஒன்று அதன் முதலாண்டு மாணவர்களின் பட்டியலைத் தந்திருந்தது. ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டு எழுத வேண்டும். மொத்தம் நாற்பத்திரண்டு கேள்விகள். வீட்டில் ஸ்மார்ட்போன் உண்டா, எத்தனை பேருக்கு எத்தனை போன், தினசரி டேட்டா எவ்வளவு, சிக்னல் எப்படி, படிக்கத் தனி இடம் உண்டா என்று எதையும் விட்டுவைக்கவில்லை என்ற பெருமை எனக்கு இருந்தது.

பட்டியலில் இருந்த ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போனது ஒரு ஷட்டவுன் நாளில். மாதத்துக்கு ஒரு நாள் மின்வாரியம் பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்தும். அந்த நாட்களில் சோமனூர்ப் பக்கம் ஊரே காதைப் பொத்திக்கொண்டது போல அமைதியாக இருக்கும். வீட்டை ஒட்டி நீளமாக ஒரு தறிக்குடோன், உள்ளே எட்டு விசைத்தறிகள். எனக்கு அது ஒரு கட்டடமாகத்தான் தெரிந்தது. வெளியே வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள்.

பெண் பி.காம். முதலாண்டு. ஒல்லியாக, நேராக முகத்தைப் பார்த்துப் பேசுகிறவள். முகக்கவசத்தோடு நான் கேள்வி கேட்டபோது மட்டும் கொஞ்சம் தடுமாறினாள்.

"அக்கா, மாஸ்க்க எறக்கிப்போட்டுக் கேளுங்க. தள்ளித்தான உக்காந்திருக்கறோம்," என்றாள்.

காற்று வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து இறக்கினேன். அதன்பிறகு பதில்கள் சட்சட்டென்று வந்தன. வீட்டில் ஒரே ஸ்மார்ட்போன், அப்பாவுடையது. அப்பா இரவு ஷிப்ட் ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குவதால் பகலெல்லாம் போன் இவளிடம். தினம் ஒன்றரை ஜிபி. வகுப்புகள் முடியும்போது டேட்டாவும் ஏறக்குறைய முடிந்துவிடும். சிக்னல் பரவாயில்லை. "படிக்கத் தனி இடம் உண்டா" என்ற கேள்விக்குக் குடோனைக் கை காட்டினாள்.

"அங்கதானுங்க அக்கா."

'உண்டு' என்று டிக் அடித்தேன். எட்டுத் தறி உள்ள பெரிய இடம், காற்றோட்டமான இடம். பகல் முழுக்கக் கையில் போன், போதிய டேட்டா, தனி இடம் மூன்றும் இருந்ததால் அவளை 'வசதி உள்ளவர்' பிரிவில் சேர்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அந்த டிக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

மற்ற வீடுகளில் கேட்டதெல்லாம் ஒரே குறைதான். டேட்டா போதவில்லை. மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு போன், முதல் வகுப்பு முடிவதற்குள் ஒன்றரை ஜிபியில் பாதி காலி. ஆசிரியரின் முகம் தெரியும் வீடியோதான் டேட்டாவைத் தின்கிறது என்பது எனக்குத் தெரியும். குரல் மட்டும் வந்தால் அதில் சிறு பங்குகூடச் செலவாகாது. எனவே ஆய்வு முடியும்வரை காத்திருக்காமல் இரண்டு பக்கத்தில் ஓர் இடைக்காலக் குறிப்பு எழுதினேன். ஆசிரியர்கள் வீடியோவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் பாடம் நடத்தலாம், பாடக்குறிப்பைத் தனியாக அனுப்பலாம் என்பதுதான் அதன் சாரம்.

கல்லூரி அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. அடுத்த வாரமே எல்லா ஆசிரியர்களும் கேமராவை அணைத்தார்கள். மாணவர்கள் பலர் எனக்கு நன்றி சொல்லிச் செய்தி அனுப்பினார்கள். ஆய்வேடு எழுதி அலமாரியில் வைப்பதோடு எல்லாம் முடிந்துபோகிற படிப்பில், என் குறிப்பு ஒன்று நடைமுறைக்கே வந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து இரண்டாம் சுற்றுக்குப் போனேன். மாற்றத்துக்குப் பிறகு எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுத வேண்டும். கையில் கல்லூரி கொடுத்த வருகைப்பட்டியல் இருந்தது. ஏறக்குறைய எல்லாருக்கும் வருகை கூடியிருந்தது. ஒரு பெயருக்கு மட்டும் தலைகீழ். முன்பு ஒரு நாள்கூடத் தவறாதவள், வீடியோவை அணைத்த நாளிலிருந்து வரிசையாக ஆப்சென்ட். அந்த வேப்பமரத்து வீட்டுப் பெண்தான். வசதி உள்ளவளுக்குச் சோம்பல் வந்துவிட்டது என்று பஸ்ஸில் போகும்போது நினைத்துக்கொண்டேன்.

தெரு முனையிலேயே சத்தம் கேட்டது. வீட்டை நெருங்க நெருங்க அது காதில் கேட்பதை விட்டு நெஞ்சில் அடிப்பதாக மாறியது. வாசலில் நின்று கூப்பிட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. குடோன் கதவைத் தள்ளி உள்ளே எட்டிப் பார்த்தேன்.

எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் நான்கு தறிகளை அம்மா பார்க்க, மறுபக்கம் நான்கு தறிகளை அந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓட்டிக்கொண்டிருந்த வடநாட்டு ஆட்கள் ஊரடங்கில் ஊருக்குப் போனவர்கள் திரும்பவில்லை. தறிக்கு இந்தப் பக்கம் ஒரு தூணில், சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டிய வார்களுக்குள் போன் நின்றது. அவள் கண் மட்டத்துக்குச் சரியாக வைத்திருந்தாள். அதில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தச் சத்தத்தில் பாடமா? காதில் இயர்போனைத் திணித்துக்கொண்டாலும் ஒரு வார்த்தை கேட்காது.

அம்மா என்னைப் பார்த்தார். குடோனின் அந்தக் கோடியிலிருந்து மகளைப் பார்த்து ஏதோ சொன்னார். வாய் அசைந்தது, அவ்வளவுதான். மகள் திரும்பி வாயசைத்துப் பதில் சொன்னாள். அம்மா சிரித்தபடி தலையாட்டிவிட்டு அவளுடைய தறிகளையும் சேர்த்துப் பார்க்க நகர்ந்தார். முப்பது அடி தூரம், காது கிழிகிற இரைச்சல். நடுவில் இரண்டு பேர் நிதானமாகப் பேசி முடித்துவிட்டார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

வெளியே வந்ததும் முதலில் அதைத்தான் கேட்டேன்.

"அம்மா என்ன சொன்னாங்க?"

"'அன்னைக்கி வந்த அக்கா வந்திருக்கறாங்க, காப்பி வெய்யட்டுமான்னு கேளு'ன்னாங்க. உன் தறிய நான் பார்த்துக்கறேன், நீ போய்ப் பேசுன்னாங்க."

"எப்படிக் கேட்டது உனக்கு?"

"கேக்காதுங்க அக்கா. வாயப் பார்த்துத்தான். தறி ஓட்டறவங்க எல்லாருக்கும் வருமுங்க. சின்னதுலருந்து இதுக்குள்ளயே இருக்கறோம்ல."

அதை அவள் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பதுபோலச் சொன்னாள். எனக்கு மெல்ல மெல்ல விளங்க ஆரம்பித்தது. மாஸ்க்கை இறக்கச் சொன்னது நினைவுக்கு வந்தது.

"அப்ப வகுப்பும்..."

"ஆமாங்க. எங்க காமர்ஸ் மேடம் வாயப் பார்த்துத்தான் கவனிச்சிட்டிருந்தேன். மொத ஒரு வாரம் ஒண்ணும் புரியலீங்க. அப்புறம் அவங்க வாய் பழகிருச்சு. ஆனா இங்கிலீஷ் வார்த்தையெல்லாம் தெரிஞ்சிருந்தாத்தான் வாயில புடிபடும். அதனால மறுநாள் பாடத்த முந்தியே புத்தகத்துல படிச்சுப்போட்டுத்தான் வருவேனுங்க."

முதுகலை வகுப்பில் என்றைக்காவது அடுத்த நாள் பாடத்தை முதல் நாளே படித்திருக்கிறேனா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை. நேரில் ஒரு தடவைகூடப் பார்க்காத ஓர் ஆசிரியையின் உதடுகளை, உள்ளங்கை அளவு திரையில், நான்கு தறிகளுக்கு நடுவே பழகி, அதிலிருந்து கணக்குப்பதிவியலைக் கற்றுக்கொண்டிருக்கிறாள் இவள்.

"இப்ப ஏம்மா ஆப்சென்ட்?"

"இப்ப மேடம் படம் வர்றதில்லீங்களே. வட்டத்துக்குள்ள அவங்க பேரோட மொத எழுத்து மட்டும் நிக்குது. எழுத்துக்கு வாய் ஏதுங்க?"

வருகைப்பதிவு எப்படி நடக்கிறது என்று விளக்கினாள். போனை ஆன் செய்துவைத்துவிட்டுத் தூங்குகிறவர்களைப் பிடிக்க, மேடம் பாடத்துக்கு நடுவில் திடீர் திடீரென்று ஒரு பதிவெண்ணைக் கூப்பிடுவார். உடனே குரல் கொடுக்க வேண்டும். இவள் மைக்கைத் திறந்தால் வகுப்பு முழுக்கத் தறிச் சத்தம் கொட்டும் என்பதால் இவளுக்கு மட்டும் கை தூக்கும் அடையாளத்தை அழுத்த அனுமதி. வாயில் தன் எண் வரும்போதெல்லாம் தவறாமல் அழுத்தியிருக்கிறாள். இப்போது எண் எப்போது வருகிறதென்றே தெரியவில்லை. பாடக்குறிப்பு வருகிறது, படிக்கிறாள். வருகைதான் போய்க்கொண்டிருக்கிறது.

"மேடம்கிட்டச் சொல்லலாமில்ல?"

"தறி ஓட்டிக்கிட்டே கவனிக்கறேன்னா யாருங்க நம்புவாங்க? போன ஆன்ல போட்டுட்டு வேல பார்க்கறாள்னுதான் நெனைப்பாங்க."

காப்பியோடு வந்த அம்மா மீதியைச் சொன்னார்.

"எழுவத்தஞ்சு பர்சென்ட் இல்லீன்னா ஹால் டிக்கெட் குடுக்க மாட்டாங்களாமா, அம்மணி. அப்படி வரலீன்னா படிப்ப நிறுத்திப்போட்டுத் தறியிலயே நிக்கட்டும்னு அவங்கப்பா சொல்லிப்போட்டாரு. ஆள் கெடைக்காத காலத்துல எனக்கும் அதுக்கு மேல என்ன சொல்றதுன்னு தெரியலீங்க."

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். சொல்லாமல் எழுந்து போய்விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. அவளுக்கு என்ன தெரியப்போகிறது? ஆனால் அந்தப் பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தைப் படிக்கிறவளிடம் எதை மறைப்பது?

"வீடியோவை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தது நான்தாம்மா," என்றேன்.

உள்ளே ஏதோ ஒரு தறி நின்றிருக்க வேண்டும். அத்தனை இரைச்சலில் ஒரு தறி குறைந்தது எனக்குத் தெரியவில்லை, அவளுக்குத் தெரிந்தது. எழுந்து போனாள். அறுந்த இழையை முடிந்து, தறியை ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"மத்தவங்களுக்கு டேட்டா மிச்சமாச்சுங்களா அக்கா?"

"ஆச்சு."

"அதுக்கு மேடம் நிறுத்த வேண்டியதில்லீங்களே. படம் வேண்டாம்ங்கறவங்க அவங்கவங்க போன்லயே வர்ற படத்த நிறுத்திக்கலாம். அந்த ஆப்ல இருக்குது. தறி நிக்கற நேரத்துல வர்ற கிளாஸ நான் அப்படி நிறுத்திக் காதுல கேட்டுக்குவேன், மத்த கிளாஸுக்கு டேட்டா சேர்த்து வெப்பேன்."

எனக்குத் தெரியாது. நாற்பத்திரண்டு கேள்வி எழுதியவளுக்கு அந்த ஆப்பில் அப்படி ஒரு பொத்தான் இருப்பது தெரியாது. கையில் போனோடு வளர்ந்த நான் அதைத் தேடியதே இல்லை. எனக்கு டேட்டா என்றைக்கும் தீர்ந்ததில்லை.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க டேட்டா எவ்வளவுன்னுதானுங்க கேட்டீங்க. எப்படிச் செலவு பண்றேன்னு கேக்கலீங்களே," என்றாள். குற்றம் சாட்டும் தொனி அதில் துளியும் இல்லை. அதனாலேயே ரொம்ப உறைத்தது.

அன்றே அந்தக் கல்லூரியின் வணிகவியல் ஆசிரியைக்குப் போன் செய்தேன். நல்லவர், ஆனால் இரண்டு மாதமாகக் கறுப்புத் திரையைப் பார்த்துப் பேசிப் பேசிச் சலித்துப்போனவர். உதடு பார்த்துப் பாடம் கவனிக்கிறாள் என்றதும் சிரித்தார்.

"ஏங்க, நேர்ல உக்காந்து காது நல்லாக் கேக்கற பிள்ளைங்களுக்கே டெப்ரிசியேஷன் புரியறதில்ல. நீங்க சொல்றத நான் பிரின்சிபால்கிட்ட எப்படிங்க சொல்றது? இவ லாகின் ஆகியிருந்தது ரெக்கார்டுல இருக்குது, சரி. கவனிச்சதுக்கு என்ன சாட்சி?"

நியாயமான கேள்விதான். சோதித்துப் பாருங்கள் என்றேன்.

இரண்டு நாள் கழித்து, காலைப் பத்து மணிக்கு நான் அந்தக் குடோனுக்குள் நின்றேன். தூணில் போன். எட்டுத் தறியும் ஓடின. நான் காதில் பஞ்சு வைத்திருந்தேன், அப்படியும் பல் கூசியது. வீடியோவை நிறுத்திய பிறகு முதல்முறையாகத் திரையில் மேடத்தின் முகம் வந்தது. அவர் தன் மைக்கை அணைத்துவிட்டதை நானும் பார்த்தேன். இனி இந்தப் பக்கம் தறி நின்றால்கூட யாருக்கும் எதுவும் கேட்காது.

மேடத்தின் உதடு அசைந்தது. பெண் கை தூக்கும் அடையாளத்தை அழுத்தினாள். அவளுடைய பதிவெண்.

மீண்டும் உதடு அசைந்தது. கொஞ்சம் நீளமாக. பெண்ணின் கண்கள் சுருங்கின. விரலில் ஒட்டிய பஞ்சைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு சாட் பெட்டியில் தட்டினாள். அருகில் போய்ப் படித்தேன். நேர்கோட்டு முறையில் வருடா வருடம் ஒரே தேய்மானம், குறைந்துசெல் மதிப்பு முறையில் மீதியிருக்கும் மதிப்பின் மேல் என்பதால் வருடா வருடம் தேய்மானம் குறையும் என்று தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதியிருந்தாள். எழுதி முடிக்கும் முன் நடுவில் இருமுறை போய், தறியில் நூல் தீர்ந்த தார்க்குச்சியை மாற்றிவிட்டு வந்தாள்.

மேடத்தின் முகம் மாறியது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இன்னொரு கேள்வி. அதற்கும் பதில். மூன்றாவதாக ஒன்று கேட்டார், புத்தகத்தில் இருப்பதைக் கேட்டால் மனப்பாடம் என்று ஆகிவிடுமோ என்று நினைத்தாரோ என்னவோ. சின்னதாகத்தான் உதடு அசைந்தது.

பெண் சிரித்துவிட்டாள். சாட்டில் எழுதினாள்: "இன்னும் இல்லைங்க மேம். ஷிப்ட் முடிஞ்சதும்தான்."

மேடம் கேட்டது, 'சாப்பிட்டாயா' என்று.

திரையில் அவர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். நான் அந்தத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோயிலில்கூட எனக்கு அப்படி நிற்கத் தோன்றியதில்லை. என் வாழ்க்கையில் பெரிய அறிவாளிகள் என்று எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன், அவர்கள் யாரும் என்னை அந்த அளவுக்கு வாயடைக்க வைத்ததில்லை.

மறுநாள் முதல் கல்லூரியில் ஆசிரியர்களின் முகங்கள் திரும்பி வந்தன. படம் வேண்டாதவர்கள் தங்கள் போனில் நிறுத்திக்கொள்வது எப்படி என்று ஒரு பக்கக் குறிப்பு மாணவர் குழுக்களில் போனது. அதை எழுதியது அந்தப் பெண், தட்டச்சு செய்தது மட்டும் நான். ஆப்சென்ட் போட்ட நாட்களை லாகின் பதிவை வைத்துத் திருத்தச் சொல்லி மேடம் முதல்வருக்குக் கடிதம் கொடுத்தார். அது பரிசீலனையில் இருக்கிறது, இருக்கிறது என்றே வாரங்கள் போயின.

நான் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். 'வசதி உள்ளவர்' என்ற பிரிவையே எடுத்துவிட்டேன். ஒவ்வொரு வீட்டுக்கும் மறுபடி போய், போன் இருக்கிறதா என்று கேட்பதை விட்டு, வகுப்பு நடக்கும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். என் வழிகாட்டி மேடம் காலக்கெடு தாண்டுகிறது என்று கடிந்துகொண்டார், ஆனால் தடுக்கவில்லை.

தேர்வுக்குச் சில நாட்கள் இருக்கும்போது ஒரு மத்தியானம் என் போன் அடித்தது. வீடியோ அழைப்பு. எடுத்ததும் தறிச் சத்தம் ஸ்பீக்கரைக் கிழித்தது. திரையில் அந்தப் பெண். பின்னால் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. "வெளிய வந்து பேசு" என்று கத்தினேன். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுத்தாள். தறியை விட்டு வர முடியாது போலிருக்கிறது.

போனை முகத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்து, மறுபடி சொன்னாள். நான் உதட்டைப் பார்த்தேன். பிடிபடவில்லை. உதட்டைப் பிதுக்கினேன்.

அவளுக்குக் கோபமில்லை. மேடம் வகுப்பில் சொல்வதுபோல, ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக, மூன்றாம் தடவை சொன்னாள். மூன்றாம் தடவை எனக்கு விளங்கியது.

"ஹால் டிக்கெட் வந்துருச்சுங்க அக்கா."